செயற்கை மூட்டு கேட்டு வந்தவருக்குக் கணுக்காலை இணைத்தது ஏன்: பினாங்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 செப்டம்பரில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் வேலை செய்யும் 56 வயதுக்காரர் ஒருவர் மனைவியோடு என்னிடம் வந்தார். இடது கணுக்காலில் ஏழெட்டு வருட வலி. உட்கார்ந்தபடியே அவர் கேட்டது ஒன்றுதான்: "டாக்டர், அக்காவுக்கு முட்டி மாத்துன மாதிரி எனக்கு இதை மாத்திருங்க."

அவருடைய அக்காவுக்குக் கோலாலம்பூரில் இரண்டு முட்டியும் மாற்றப்பட்டிருந்தன. ஆறு மாதத்தில் பாசாருக்கு நடந்து போய் வந்துகொண்டிருக்கிறார். அதைக் கண்ணால் பார்த்தவருக்குக் கணுக்காலும் அப்படித்தான் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் கணுக்கால் தேய்மானத்தின் கதையே வேறு. முட்டியும் இடுப்பும் பெரும்பாலும் வயதால் தேய்கின்றன. கணுக்கால் அப்படித் தானாகத் தேய்வது குறைவு. என்றோ முறிந்ததோ, திரும்பத் திரும்பச் சுளுக்கியதோதான் பெரும்பாலானவர்களுக்குக் காரணம். அதனால் முட்டிக்கு வருபவர்களைவிட இளைய வயதிலேயே வருகிறார்கள். பழைய தழும்பு, பழைய பிளேட், கோணலாகக் கூடிய எலும்பு என்று ஏதாவது ஒன்றைக் கூடவே கொண்டு வருகிறார்கள்.

இவருக்கும் அதுதான். 1997இல் இரவு ஷிப்டுக்குப் போகும்போது மோட்டாரிலிருந்து விழுந்து, கணுக்காலின் இருபக்க எலும்பும் முறிந்தன. வெளிப்பக்கம் ஒரு பிளேட், உள்பக்கம் இரண்டு ஸ்குரூ. எலும்பு கூடியது, மூன்று மாதத்தில் வேலைக்குப் போனார், பதினைந்து வருடம் போல எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம் காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடி மட்டும் வலித்தது. பிறகு ஷிப்டு முடியும் நேரத்தில் வலித்தது. எங்களிடம் வந்தபோது படுத்திருக்கும்போதும் வலித்தது. வலி மாத்திரை, கணுக்கால் உறை, இரண்டு முறை ஸ்டீராய்டு ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இரண்டாவது ஊசி மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

எடை 92 கிலோ, உயரம் 170 செ.மீ. எட்டு வருடமாக இனிப்பு நீர், மூன்று மாத சர்க்கரைச் சராசரி 8.9 விழுக்காடு. ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். வேலையில் பாதி நேரம் ஃபோர்க்லிஃப்ட், மீதி நேரம் கையால் பெட்டி தூக்குவது.

முதல் நாளில் பார்த்தது

அவரை வராந்தாவில் நடக்கச் சொன்னேன். இடது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, அதன் மேல் உருண்டு போகாமல் சட்டென்று தூக்கிவிடுகிறார். கழற்றிய காலணியைத் திருப்பிப் பார்த்தால், இடது குதியின் வெளி ஓரம் மட்டும் துணி தெரியும்வரை தேய்ந்திருந்தது. குதிகால் உள்பக்கம் சாய்ந்து, எடை முழுவதும் வெளி ஓரத்தில் விழுகிறது என்பதை எக்ஸ்ரேக்கு முன்பே அந்தச் செருப்பு சொல்லிவிட்டது.

வெளிப்பக்கத் தழும்பு மெலிதாக, நன்றாக ஆறியிருந்தது. முன்பக்கத் தோலில் குறையில்லை. பாதத்தில் நாடித் துடிப்பு இரண்டும் கிடைத்தன. மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டபோது எல்லா இடத்திலும் உணர்ந்தார். ஆனால் பெருவிரலில் வைத்த இசைக்கவையின் அதிர்வு சரியாகத் தெரியவில்லை. இனிப்பு நீரால் நரம்பு பாதிக்கத் தொடங்கியதன் ஆரம்ப அறிகுறி அது. பாதத்தில் உணர்ச்சி முழுவதும் போயிருந்தால் செயற்கை மூட்டு பற்றிப் பேச்சே எடுத்திருக்க மாட்டோம். உணர்ச்சியற்ற காலில் அது தளர்ந்து உடைந்துபோகும்.

நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி எங்குமே இல்லை. எலும்பு மேல் எலும்பு. முன்பக்கம் எலும்பு முனைகள் வளர்ந்து கிளிமூக்கு போல நீட்டிக்கொண்டிருந்தன. கீழ்க்கால் எலும்புக்கு அடியில் உட்கார்ந்து கணுக்கால் மூட்டின் கீழ்ப்பாதியாக இருக்கும் தாலஸ் எலும்பு, தன் கூட்டுக்குள் 14 பாகை உள்பக்கம் சாய்ந்திருந்தது. கையால் நிமிர்த்திப் பார்த்தேன், மூன்று நான்கு பாகைக்கு மேல் நகரவில்லை. வெளிப்பக்கத் தசைநார் தொளதொளவென்று இருந்தது, உள்பக்கத் தசைநார் இறுகிக் கிடந்தது. நின்றபடி எடுத்தது என்பதைக் குறிப்பாகச் சொல்கிறேன். அவர் கையோடு கொண்டுவந்த பழைய படம் படுத்தபடி எடுத்தது. அதில் ஒரு கோடு போல இடைவெளியும் தெரிந்தது, சாய்வு ஐந்து பாகைதான் இருந்தது. அதை நம்பி முடிவெடுத்திருந்தால் தப்பான முடிவாகியிருக்கும்.

அசைவு எவ்வளவு மிச்சம்

இந்த நிகழ்வில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படும் இடம் இது என்று நினைக்கிறேன். செயற்கை மூட்டுக்கு மாற்று வழி இணைப்பு அறுவை, அதாவது தேய்ந்த மூட்டின் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஸ்குரூ போட்டு ஒரே எலும்பாக ஒட்டவிடுவது. செயற்கை மூட்டு கேட்டு வரும் எல்லோருக்கும் இருக்கும் பயம், "இணைத்துவிட்டால் கால் கட்டை மாதிரி ஆகிவிடும்" என்பதுதான். இவரும் அதைத்தான் சொன்னார். பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக் காட்டி, "இது போயிருமே, டாக்டர்" என்றார். கோணமானியை வைத்து அளந்தால் மொத்தம் 22 பாகை அசைவு இருந்தது. மோசமில்லை என்று தோன்றும்.

ஆனால் பாதம் ஆடுவதெல்லாம் கணுக்கால் ஆடுவது இல்லை. கணுக்காலுக்குக் கீழே, தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே ஒரு மூட்டு இருக்கிறது. அதற்கு முன்னால் நடுப்பாத மூட்டுகள் இருக்கின்றன. கணுக்கால் இறுகும்போது இவை கொஞ்சம் கொஞ்சமாக அதன் வேலையை எடுத்துக்கொள்கின்றன. எது எவ்வளவு ஆடுகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

அதனால் பக்கவாட்டில் இரண்டு எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்று பாதத்தை முடிந்தவரை மேலே தூக்கி, மற்றது முடிந்தவரை கீழே அழுத்தி. இரண்டிலும் கீழ்க்கால் எலும்பின் நடுவே ஒரு கோடு, தாலஸ் நெடுக ஒரு கோடு. இரண்டு படத்திலும் கோடுகளுக்கு இடையிலான கோணத்தை அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். வந்த விடை 7 பாகை. மீதி 15 பாகையும் கீழிருந்தும் முன்னாலிருந்தும் வந்தது. இணைப்பு அறுவையில் அவர் இழக்கப்போவது அந்த 7 பாகையை மட்டுமே. மற்ற 15 அவரிடமே இருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செயற்கை மூட்டு வைத்தால் இறுகிய கணுக்கால் திடீரென்று இளகிவிடாது. அறுவைக்குப் பின் கிடைக்கும் அசைவு பெரும்பாலும் அறுவைக்கு முன் இருந்ததை ஒட்டித்தான் இருக்கும், சில பாகை கூடலாம். 25 வருடமாகச் சுருங்கிய தசைநாரும் மூட்டு உறையும் உலோகத்தைப் பார்த்து விரிந்துகொடுப்பதில்லை.

இரண்டு படத்தையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்து அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ ஏற்கெனவே இது ஒட்டிக்கிட்டுதான் இருக்கு, சரியா ஒட்டாமல் வலிக்குது, அப்படித்தானே?" என்றார். அதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

வலி எந்த மூட்டிலிருந்து வருகிறது

அடுத்த கேள்வி, கீழ் மூட்டு நல்ல நிலையில் இருக்கிறதா என்பது. கணுக்காலை இணைத்தால் அதன் சுமை கீழ் மூட்டுக்குப் போகும். அது ஏற்கெனவே தேய்ந்து வலித்துக்கொண்டிருந்தால், இணைப்பு முடிந்த பிறகும் வலி தொடரும். "அறுவை தோற்றுவிட்டது" என்று நோயாளி நினைப்பார். உண்மையில் தப்பான மூட்டுக்கு வைத்தியம் பார்த்திருப்போம்.

சிடி ஸ்கேனில் கீழ் மூட்டு சுமாராக, ஓரளவு மட்டும் தேய்ந்து தெரிந்தது. படத்தை மட்டும் வைத்து வலியைச் சொல்ல முடியாது என்பதால், மரத்துப்போகும் மருந்தை இரண்டு தனித்தனி நாட்களில் எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே போட்டோம். முதலில் கீழ் மூட்டில். கூடவே கொஞ்சம் சாய மருந்தும் செலுத்தினோம், ஏனென்றால் சிலருக்குக் கீழ் மூட்டும் கணுக்காலும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். மருந்து மேலே கசிந்தால் சோதனை பொய் சொல்லும். இவருக்குக் கசியவில்லை. படி ஏறி இறங்கச் சொன்னோம், வலி பத்துக்கு எட்டிலேயே நின்றது. ஒரு வாரம் கழித்துக் கணுக்காலில் போட்டபோது எட்டு ஒன்றாக இறங்கியது. இரண்டு மணி நேரம் மருத்துவமனைப் படிக்கட்டில் சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வலிக்குக் காரணம் கணுக்கால் மட்டுமே.

காத்திருப்பு அறையில் இன்னொருவர்

அதே மாதம் பிறையிலிருந்து 67 வயது அம்மா ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முடக்குவாதத்தால் இரண்டு கணுக்காலும் கெட்டிருந்தன. வலது கணுக்காலுக்குச் செயற்கை மூட்டு என்று நாள் குறித்திருந்தோம். காத்திருப்பு அறையில் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே வந்ததும் இவர் நேராகக் கேட்டார்: "அந்த அம்மாவுக்கு மட்டும் மாத்துறீங்க, எனக்கு ஏன் டாக்டர் இல்லை? காசு காரணமா?"

நியாயமான கேள்வி, அதற்கு முழுப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாவைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை, பொதுவாகத்தான் விளக்கினேன். இங்கே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அந்த அம்மாவின் எடை 52 கிலோ. வீட்டுக்குள்ளும் கோயிலுக்கும்தான் நடை. சாய்வு நான்கு பாகை, மூட்டில் உண்மையான அசைவு 24 பாகை. முக்கியமாக, முடக்குவாதம் அவருடைய கீழ் மூட்டையும் நடுப்பாதத்தையும் முன்பே இறுக்கிவிட்டது. கணுக்காலையும் இணைத்தால் முட்டிக்குக் கீழே ஆடும் மூட்டு ஒன்றுகூட மிஞ்சாது. நாளைக்கு இடது காலுக்கும் அதே நிலைமை வரும். இரண்டு காலும் மரத்தூண் போல ஆனால், நாற்காலியிலிருந்து எழுவதே பாடாகிவிடும். அவருக்கு அசைவைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம்.

இவருக்கு அப்படி இல்லை. கீழ் மூட்டும் நடுப்பாதமும் வேலை செய்கின்றன. காப்பாற்ற வேண்டிய கணுக்கால் அசைவு 7 பாகைதான்.

முடிவும் காரணமும்

எங்கள் கூட்டத்தில் இரண்டு பக்கமும் பேசினோம். இளைய சக மருத்துவர் ஒருவர் செயற்கை மூட்டுக்காக நன்றாகவே வாதாடினார். 14 பாகை சாய்வு என்பது இன்று தடை இல்லை, உள்பக்கத் தசைநாரைத் தளர்த்தி வெளிப்பக்கத்தை இறுக்கி நேராக்கலாம் என்றார். உண்மைதான், அனுபவமுள்ள கைகளில் செய்கிறார்கள். சிகரெட்டையும் சர்க்கரையையும் சரிசெய்தால் போதாதா என்றும் கேட்டார்.

அப்போதுதான் டார்வா என்ற பிரிட்டிஷ் ஆய்வு வெளிவந்திருந்தது. 17 மருத்துவமனைகளில், 50 முதல் 85 வயதுவரை உள்ள 303 பேரைக் குலுக்கல் முறையில் செயற்கை மூட்டு, இணைப்பு என்று இரண்டாகப் பிரித்து, ஒரு வருடம் கழித்து நடையும் நிற்பதும் எப்படி என்று ஒப்பிட்டது. இரண்டு பக்கத்தினரும் நன்றாக முன்னேறினார்கள். ஒன்று மற்றதைவிட மேல் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. புண் ஆறுவதில் சிக்கலும் நரம்புக் காயமும் செயற்கை மூட்டில் அதிகம், இரத்தக் கட்டி இணைப்பில் அதிகம். என் பார்வையில் இந்த ஆய்வு இவருக்கு அரைவாசிதான் பொருந்தும். அதில் சேர்ந்தவர்கள் இரண்டு சிகிச்சைக்கும் ஏற்றவர்கள் என்று தேர்வானவர்கள். அதோடு, உலோக மூட்டின் தேய்மானம் ஒரு வருடத்தில் தெரியாது.

என் தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வயது, எடை, பெட்டி தூக்கும் வேலை, சாய்வு, சர்க்கரை, சிகரெட் ஆகியவற்றில் எதுவும் தனியாக முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது, தோற்றால் என்ன ஆகும் என்ற கணக்கு. செயற்கைக் கணுக்கால் பத்து வருடத்தில் பத்தில் ஒன்றாவது மறு அறுவைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். கனமான வேலை செய்பவரிடம் அது கூடுமே தவிரக் குறையாது. தளர்ந்த மூட்டை எடுக்கும்போது எலும்பில் பெரிய குழி விழும். அதை வேறு எலும்பால் நிரப்பித்தான் இணைக்க வேண்டும், பல நேரம் கீழ் மூட்டையும் சேர்த்தே இணைக்க வேண்டி வரும். அப்போது அவருக்கு 66 வயது, இனிப்பு நீர் இன்னும் பத்து வருடம் மூத்திருக்கும். இன்றைக்கு 7 பாகையைக் காப்பாற்றப் போய், அன்றைக்கு 22 பாகையையும் இழக்கும் வழி அது. இணைப்பு கூடாமல் போனால் அதைத் திரும்பச் செய்வது இதைவிட எளிது.

இணைப்புக்கும் விலை உண்டு என்பதை அவரிடம் மறைக்கவில்லை. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இணைப்பு செய்தவர்களைச் சராசரியாக 22 வருடம் கழித்துப் பார்த்தது. பெரும்பாலானவர்களுக்கு அதே காலின் பக்கத்து மூட்டுகள் தேய்ந்திருந்தன. அவருக்கும் எழுபதுகளில் அது வரலாம் என்று சொன்னேன்.

கட்டு போட்டுப் பார்த்த இரண்டு வாரம்

அறுவைக்கு முன் இரண்டு வாரம், கணுக்கால் ஆடாதபடி முட்டிக்குக் கீழ் ஃபைபர் கட்டு போட்டு, அடியில் வளைந்த அடிப்பாகம் வைத்து அனுப்பினோம். இணைத்த காலோடு வாழ்வது எப்படி என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று.

திரும்பி வந்தபோது ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். வலி பாதியாகிவிட்டது. படி ஏறுவது பிரச்சினை இல்லை. இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குகிறார். வேலையிடத்தில் குந்தும் கழிப்பறைக்குப் போக முடியவில்லை. கோயிலில் தரையில் உட்கார்ந்தால் எழும்பச் சுவர் வேண்டும். அப்புறம் நாங்கள் யாருமே நினைக்காத ஒன்று: அவருடைய கப்சாய் மோட்டாரில் கியர் இடது காலில். முன்னால் விரலாலும் பின்னால் குதியாலும் மிதிப்பது. கணுக்கால் ஆடாவிட்டால் ஒவ்வொரு கியருக்கும் முட்டியைத் தூக்க வேண்டும். இப்படி ஒன்றை எந்த அளவுகோலும் காட்டாது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறிக்கொள்வதாக அவரே முடிவு செய்தார்.

மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "ராத்திரி முனகலே இல்லை, டாக்டர்." இவர் தலையசைத்தார். இணைப்புக்குச் சம்மதித்தது அன்றுதான்.

தயார் செய்தல்

இணைப்பு அறுவையின் பெரிய ஆபத்து, எலும்பு கூடாமல் போவது. 1994இல் வந்த ஓர் ஆய்வு, புகைப்பவர்களிடம் அந்த ஆபத்து ஏறக்குறைய 4 மடங்கு என்று காட்டியது. அதனால் மூன்று மாதம் கேட்டோம். சிகரெட்டை விடுவதற்கு நிகோட்டின் ஒட்டுப்பட்டை கொடுத்து, எட்டு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னோம். சர்க்கரைச் சராசரி 7.4க்கு இறங்கியது. வைட்டமின் டி குறைவாக இருந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான், ஆனால் பகல் முழுவதும் கிடங்குக்குள் இருப்பவருக்கு அந்த வெயில் எங்கே படும்? அதற்கும் மாத்திரை கொடுத்தோம். எடை 92இலிருந்து 88 ஆனது.

அறுவை

2023 மார்ச்சில் செய்தோம். துளை வழியாகக் கேமரா வைத்துச் செய்யும் முறையில் புண் சிறியது, எலும்பும் நன்றாகக் கூடும். ஆனால் இங்கே பழைய பிளேட்டை எடுக்க வேண்டும், 14 பாகையை நிமிர்த்த வேண்டும். ஆகவே பழைய தழும்பின் வழியே திறந்தே செய்தோம்.

பிளேட்டை எடுத்து, வெளிக் கணுக்கால் எலும்பை நெடுக்காகப் பிளந்து, உள்பாதியை அரைத்து ஒட்டெலும்பாக வைத்துக்கொண்டோம். வெளிப்பாதியை அதன் இடத்திலேயே விட்டு, பக்கச் சுவராகப் பயன்படுத்தினோம். அதை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டால், பின்னாளில் யாராவது செயற்கை மூட்டுக்கு மாற்ற நினைத்தாலும் வழி அடைபட்டுவிடும். மிச்சக் குருத்தெலும்பைச் சுரண்டி, கெட்டியான எலும்புப் பரப்பில் சிறு துளைகள் இட்டு, இரத்தம் கசியும்வரை போனோம். இரத்தம் கசியாத எலும்பு ஒட்டாது.

அதிக நேரம் எடுத்தது நிலை பிடிப்பதுதான். பாதம் கீழ்க்காலுக்கு நேர் செங்கோணத்தில், குதி ஐந்து பாகை வெளிப்பக்கம், பாதம் வலது காலைப் போலவே சற்று வெளியே திரும்பி, தாலஸ் சில மில்லிமீட்டர் பின்னால். முட்டிச்சில்லும் இரண்டாவது விரலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் துணியை முட்டிக்கு மேல்வரை விலக்கி வைத்திருந்தோம். பாதம் கொஞ்சம் கீழ்நோக்கி நின்றாலும் போதும், நடக்கும்போது முட்டி பின்னால் வளையத் தொடங்கும். குதி உள்பக்கம் நின்றால் நடுப்பாதம் இறுகி, மிச்சமிருந்த 15 பாகையும் பூட்டிக்கொள்ளும். சரி என்று பட்டதும் 6.5 மி.மீ. ஸ்குரூ மூன்று வெவ்வேறு திசையில் இறக்கினோம்.

பின்னர் நடந்தது

முதல் ஆறு வாரம் காலை ஊன்றவில்லை, இரத்தக் கட்டி வராமல் இருக்க ஊசி. புண் மூன்று வாரத்தில் ஆறியது. ஆறாவது வாரத்திலிருந்து, கணுக்காலை ஆடாமல் பிடிக்கும் பூட் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடை. 12ஆவது வாரத்தில் எக்ஸ்ரே பார்த்து, கூடிவிட்டது என்று சொல்லி பூட்டைக் கழற்றச் சொன்னேன்.

அது என் தவறு. நான்காவது மாதம் முன்பக்கம் வலியோடு வந்தார். நின்றால் வலி, உட்கார்ந்தால் இல்லை. தொட்டால் சூடாக, சற்று வீங்கியிருந்தது. இரத்தச் சோதனையில் கிருமித் தொற்றுக்கான அறிகுறி இல்லை. சிடி எடுத்தோம். எலும்புப் பாலம் மூட்டுப் பரப்பின் கால் பங்குக்கும் குறைவு. எக்ஸ்ரேயில் ஸ்குரூவும் எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கூடிய மாதிரி காட்டும். நானும் அப்படியே படித்திருக்கிறேன்.

அன்று அறையில் மனைவி அழுதுவிட்டார். எம்சியில் வீட்டில் இருந்த காலத்தில், ஐந்தாவது வாரத்திலிருந்தே அவர் ஃப்ளாட் படிக்கட்டில் உட்கார்ந்து தினமும் மூன்று நான்கு சிகரெட் பிடித்திருக்கிறார். "நீங்க என்கிட்ட கேக்கலை, டாக்டர். நானா சொன்னா அவருக்குக் கோவம் வரும்" என்றார். சர்க்கரைச் சராசரியும் 8.6க்கு ஏறியிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதம் வேலை இல்லாமல், மூன்றாம் மாடியில், ஊன்றுகோலோடு முடங்கிக் கிடந்த மனிதர். அந்த வாரங்களில் நாங்கள் அவரைப் பார்த்தது இரண்டே முறை.

உடனே திறந்து, ஒட்டெலும்பு வைத்து மறுபடி இணைப்பது ஒரு வழி. ஸ்குரூக்கள் தளரவில்லை, நிலை மாறவில்லை, எலும்பு கொஞ்சமாவது கூடத் தொடங்கியிருந்தது. அதனால் காத்திருக்க முடிவு செய்தோம். எட்டு வாரம் மறுபடி பூட், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புகை நிறுத்தும் கிளினிக், சர்க்கரைக்கு இன்சுலின். இம்முறை மகனும் கூடவே வந்தான். ஏழாவது மாதச் சிடியில் பாலம் பாதிப் பரப்பைத் தாண்டியிருந்தது, வலி இரண்டுக்கு இறங்கியது.

எட்டாவது மாதம் ஃபோர்க்லிஃப்டும் கணக்கும் மட்டும் என்று வேலைக்குத் திரும்பினார். முன்பக்கம் வளைந்த அடி கொண்ட காலணி போடுகிறார். சமதரையில் முக்கால் மணி நேரம் நடக்கிறார். கடற்கரை மணலில் முடியவில்லை, சரிவில் இறங்குவது மெதுவாகத்தான். 2024 தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தோடு நின்றுகொண்டார். 2025 தைப்பூசத்தில் 513 படியும் ஏறினார், இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில். அடுத்த மாதம் வந்த இரண்டாம் ஆண்டுப் பரிசோதனையில் காலணியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். குதி நடுவிலும் சற்று வெளியிலுமாகத் தேய்ந்திருந்தது. எக்ஸ்ரேயில் கீழ் மூட்டு இடைவெளி முன்பைவிட ஓர் இழை குறைவு, வலி இல்லை. அதையும் சொல்லிவிட்டோம், இனி வருடம் ஒருமுறை பார்ப்போம்.

பிறை அம்மாவுக்கும் எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. முன்பக்கப் புண் ஆற ஏழு வாரம் ஆனது. தோல் இழக்காமல் தப்பியது. இரண்டு வருடத்தில் உலோகம் இருந்த இடத்தில் இருக்கிறது, எலும்புக்குள் குமிழி எதுவும் தெரியவில்லை, அசைவு 27 பாகை. இடது கணுக்காலையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது மாற்றியிருப்பது

கணுக்கால் தேய்மானத்தோடு வரும் ஒவ்வொருவருக்கும் பாதத்தை மேலும் கீழும் வைத்து எடுக்கும் இரண்டு எக்ஸ்ரேயை முதல் நாளிலேயே எடுக்கிறோம். இவருக்கு அதை மூன்றாவது வருகையில்தான் எடுத்தோம். அதற்குள் "மாத்துறதா, ஒட்டுறதா" என்று வீட்டில் இரண்டு மாதம் சண்டை போயிருந்தது.

புகைத்தவர், இனிப்பு நீர் உள்ளவர் யாராக இருந்தாலும் 12ஆவது வாரம் எக்ஸ்ரேயை நம்பாமல் சிடி எடுத்துவிட்டுத்தான் பூட்டைக் கழற்றுகிறோம். அறுவைக்கு முன்னும் ஆறாவது வாரமும், நிகோட்டின் உடம்பில் இருக்கிறதா என்று சிறுநீரில் பார்க்கிறோம். தண்டிக்க அல்ல, நாள் தள்ளிப்போட வேண்டுமா என்று தெரிந்துகொள்ள என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒட்டுப்பட்டை போடுபவருக்கு அந்தச் சோதனை எப்படியும் நிகோட்டினைக் காட்டும் என்பதால், அவரிடம் மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்கிறோம்.

காலை ஊன்றாத ஆறு வாரத்தில் வாரம் ஒருமுறை தாதி தொலைபேசியில் அழைக்கிறார். பேசுவது நோயாளியோடு மட்டும் அல்ல. நோயாளியின் சம்மதத்தை முன்பே வாங்கிக்கொண்டு, வீட்டில் கூட இருப்பவரிடமும் பேசுகிறார். புண் எப்படி, சர்க்கரை எவ்வளவு, சிகரெட் உண்டா என்ற மூன்று கேள்வியையும் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறார்.